வங்கிக் கவுண்டரில் வருமான வரி: செக், செலான், ரசீது

என்னிடம் இருப்பது பட்டன் போன். நெட் பேங்கிங் வாங்கவில்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. ஏ.டி.எம். கார்டு பீரோவில் கிடக்கிறது. பென்ஷன் வங்கிக்கு வருகிறது, தேவைப்படும்போது செக் எழுதி எடுத்துக்கொள்கிறேன். "அப்ப இன்கம் டாக்ஸ் எப்படிங்க கட்டுறீங்க?" என்று மதுரை திருநகரில் எங்கள் தெருக்காரர்கள் பலர் கேட்டாயிற்று. கேட்டவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். மகனோ மருமகளோ சென்னையிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு போனில் வரி கட்டிவிட்டு, 'கட்டியாச்சுப்பா' என்று ஒரு மெசேஜ் போடுகிறார்கள். எதற்குக் கட்டினார்கள், எந்த ஆண்டுக்குக் கட்டினார்கள் என்பது இவர்களுக்குத் தெரியாது. கையில் ஒரு தாளும் இருக்காது.

நான் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணியில் இருந்த காலம் முழுக்கச் செலானோடுதான் பிழைப்பு. அரசாங்கக் கணக்கில் பணம் போய்ச் சேர்ந்ததற்குச் செலான் எண்ணும் தேதியும்தான் சாட்சி என்பது எனக்குப் பழக்கத்தில் ஊறிய விஷயம். அதனால் வரியை இன்னும் கிளையில்தான் கட்டுகிறேன். போன ஆண்டு எப்படிக் கட்டினேன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் எனக்கு ஏன் வரி வந்தது என்பது. 2024-25 நிதியாண்டில் பென்ஷன் 6,00,000 ரூபாய். வட்டி மொத்தம் 3,20,000. அதில் 2,30,000 ஒரே வங்கியின் வைப்புத் தொகையிலிருந்து வந்தது. மீதி இன்னொரு வங்கியில் 47,000, தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்பில் 43,000. முதல் வங்கி 10 சதவீதம், அதாவது 23,000 ரூபாய் டி.டி.எஸ். பிடித்துவிட்டது. மற்ற இரண்டும் அன்றைய 50,000 வரம்புக்குள் இருந்ததால் எதுவும் பிடிக்கவில்லை. பென்ஷனை மட்டும் தனியாகப் பார்த்தால் வரி வராது என்பதால் அங்கேயும் பிடித்தமில்லை.

பிடித்தம் செய்கிறவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பங்கை மட்டும்தான் பார்க்கிறார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டியது நாம். 9,20,000-இல் நிலையான கழிவு 75,000 போக 8,45,000. புதிய வரி முறையில் முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம் 20,000, மேலே இருக்கும் 1,45,000-க்கு 10 சதவீதம் 14,500. ஆக 34,500, அதன் மேல் 4 சதவீத செஸ் 1,380. மொத்தம் 35,880. பிடித்த 23,000 போக நான் கட்ட வேண்டியது 12,880.

இந்த இடத்தில் பலர் பயப்படுவார்கள். வரிப் பாக்கி 10,000-க்கு மேல் போனால் முன்கூட்டியே தவணையில் கட்டியிருக்க வேண்டுமே, வட்டி போடுவார்களே என்று. 60 வயது தாண்டி, இந்தியாவில் வசித்து, வியாபாரமோ தொழிலோ இல்லாதவர்களுக்கு முன்கூட்டி வரி கட்டும் கட்டாயம் சட்டத்திலேயே இல்லை. கணக்குத் தாக்கல் செய்வதற்கு முன்னால் மொத்தமாகக் கட்டினால் போதும். அந்த ஆண்டு தாக்கலுக்கான கடைசி நாளை ஜூலை 31-இலிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளியிருந்தார்கள். நான் ஆகஸ்டிலேயே முடித்துவிட்டேன்.

அடுத்தது செலான். முன்பெல்லாம் 280 என்ற படிவத்தைக் கையால் நிரப்பிக் கவுண்டரில் நீட்டினால் போதும். இப்போது அது செல்லாது. செலானை வருமான வரித் துறையின் இணையதளத்தில் உருவாக்கி, அச்செடுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். பணம் மட்டும்தான் கிளையில். ஆப் இல்லாதவன் இணையதளத்துக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். இதற்கு வங்கி ஆப் வேண்டாம், வருமான வரித் தளத்தின் பாஸ்வேர்டுகூட வேண்டாம். பான் எண்ணும், எஸ்.எம்.எஸ். வரும் ஒரு போனும் போதும். பட்டன் போனிலும் ஓ.டி.பி. வரும்.

பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டர் பையனிடம்தான் போனேன். பாஸ்வேர்டு எதுவும் அவனிடம் கொடுக்க வேண்டியதில்லை என்பதால்தான் இந்த வழி எனக்குப் பிடிக்கும். incometax.gov.in முகப்பிலேயே "e-Pay Tax" என்று இருக்கிறது. அதில் பான் எண்ணை இருமுறை அடித்து, போன் எண்ணைக் கொடுத்தால் ஓ.டி.பி. வருகிறது. அதைப் போட்டதும் பெயரின் சில எழுத்துகளை மறைத்துக் காட்டும். நம் பெயர்தானா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். ஒரு இலக்கம் மாறினால் வேறு யாருக்காவது நாம் வரி கட்டிக்கொண்டிருப்போம்.

அப்புறம் வரும் திரையில்தான் எல்லாத் தப்பும் நடக்கிறது. "Income Tax" என்ற கட்டத்தைத் தேர்ந்த பிறகு இரண்டு கேள்வி. ஒன்று மதிப்பீட்டு ஆண்டு, இன்னொன்று எந்த வகைக் கட்டணம் என்பது. நான் சம்பாதித்தது 2024-25-இல். ஆனால் மதிப்பீட்டு ஆண்டு அதற்கு அடுத்தது, 2025-26. பையன் கை பழக்கத்தில் 2024-25-ஐத் தொடப் போனான். "தம்பி, ஒரு வருஷம் கூட்டிப் போடு" என்றேன். "சம்பாதிச்சது அந்த வருஷம்தானே அய்யா?" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது, நிதியாண்டு எண்ணையே எல்லோரும் பேசுகிறோம். கட்டண வகையில் "Self-Assessment Tax (300)" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 100 என்பது முன்கூட்டி வரி. 400 என்பது துறை நோட்டீஸ் அனுப்பிக் கேட்ட பாக்கிக்கு.

தொகையைப் பிரித்துப் போடச் சொல்லும். வரி 11,500, செஸ் 1,380 என்று போட்டேன். கூட்டுத் தொகை 12,880 வருகிறதா என்பதுதான் முக்கியம். அடுத்து எப்படிக் கட்டுவது என்ற திரை. அதில் "Over the Counter" என்பதைத் தேர்ந்து, ரொக்கமா செக்கா டி.டி.யா என்பதையும் எந்த வங்கி என்பதையும் சொல்ல வேண்டும். ரொக்கம் ஒரு செலானுக்கு 10,000 வரைதான். எனக்கு 12,880 என்பதால் ரொக்கம் தானாகவே அடிபட்டுப் போகிறது. உள்ளபடி, வரம்புக்குள் இருந்தாலும் நான் செக்தான் கொடுப்பேன். செக் எண் பாஸ்புக்கில் ஏறும், அது ஒரு துணைச் சாட்சி.

வங்கியைத் தேர்வதில் ஒரு சூட்சுமம். செலான் ஒரு வங்கியின் பெயருக்கு உருவாகிவிட்டால் வேறு வங்கியில் அதைக் கட்ட முடியாது. நம் செக் எந்த வங்கியுடையதோ அந்த வங்கியையே தேர்ந்தெடுத்தால் நல்லது. உள்ளுக்குள்ளேயே கணக்கு மாறிவிடும், அன்றைக்கே முடியும். வேறு வங்கி செக் என்றால் கிளியரிங் போய்வரும் வரை காத்திருக்க வேண்டும். கடைசி நாள் நெருக்கத்தில் அது வீண் தலைவலி.

கணக்கு வைத்திருக்கும் வங்கி அந்தப் பட்டியலிலேயே இல்லை என்றால்? கூட்டுறவு வங்கியில் மட்டும் கணக்கு உள்ளவர்களுக்கு இது வரும். அவர்கள் "RTGS/NEFT" என்பதைத் தேர்ந்தால் வேறு மாதிரிப் படிவம் அச்சாகும். அதைத் தங்கள் கிளையில் செக்கோடு கொடுத்தால் அவர்கள் நெஃப்டில் அனுப்பிவிடுவார்கள். படிவத்தில் இருக்கும் கணக்கு எண்ணும் தொகையும் அப்படியே போக வேண்டும். ஒரு ரூபாய் கூட்டிக் குறைத்தாலும் செலானோடு பொருந்தாது. சேவைக் கட்டணம் இருந்தால் அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், தொகையில் சேர்க்க விடாதீர்கள்.

கடைசியில் அச்சான செலானின் மேலே சி.ஆர்.என். என்று ஒரு எண் இருக்கும். செலான் அதை வைத்துத்தான் அடையாளம். பக்கத்திலேயே எந்தத் தேதி வரை செல்லும் என்றும் அச்சாகியிருக்கும். உருவாக்கிய நாளிலிருந்து 15 நாள். தாண்டினால் பணம் வாங்க மாட்டார்கள், புதிதாக எடுக்க வேண்டும். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டேன். அவன் கணினியில் இறங்கிய கோப்பை என் கண் முன்னாலேயே அழிக்கச் சொன்னேன். பான் எண் அதில் இருக்கிறதே.

வங்கிக்குப் போக மாதத்தின் முதல் வாரத்தைத் தவிர்த்தேன். அப்போது டவுன் கிளையில் பென்ஷன்காரர் கூட்டம் படி வரை நிற்கும். நடு மாதத்தில் ஒரு நாள் காலை, கவுண்டர் திறந்ததும் போனேன். கவுண்டரில் இருந்த பெண் தாளைப் பார்க்காமலே, "அய்யா, இன்கம் டாக்ஸ் எல்லாம் இப்ப ஆன்லைன்லதான் கட்டணும். வீட்ல பசங்ககிட்ட சொல்லுங்க" என்றார்.

"ஆன்லைன்ல போட்டதுதாம்மா இது. மேல நம்பர் இருக்கு பாருங்க. உங்க பேங்க் பேர்லதான் வந்திருக்கு."

அவர் வாங்கிப் பார்த்தார். அடிக்கடி வராத வேலை என்பது முகத்தில் தெரிந்தது. உள்ளே அதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்து, சி.ஆர்.என். எண்ணை அவர்கள் திரையில் அடித்ததும் என் பெயரும் தொகையும் தானாகவே வந்தன. அவர் புதிதாக எதையும் நிரப்பவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. கவுண்டரில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டியது இந்த ஒன்றுதான். எல்லா விவரமும் எண்ணுக்குள் இருக்கிறது, எண்ணைப் போட்டால் போதும். அப்படியும் மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், மேலாளரிடம் தாளைக் காட்டுங்கள்.

செக்கை வீட்டிலிருந்தே நிரப்பிக்கொண்டு போகவில்லை. யார் பெயருக்கு எழுத வேண்டும் என்பதைக் கவுண்டரில் கேட்டுத்தான் எழுதினேன். வங்கியின் பெயரைப் போட்டு, வருமான வரிக் கணக்கு என்று சேர்க்கச் சொன்னார்கள். செக்கின் பின்பக்கம் பெயர், பான், சி.ஆர்.என்., போன் எண் எழுதினேன். செக் மட்டும் தனியாகப் பிரிந்து போனாலும் அது எதற்கு என்று தெரிய வேண்டும். கருவூலத்தில் அநாதையாய்ச் சுற்றிய செக்குகளை நிறையப் பார்த்தவன் நான்.

சற்று நேரத்தில் என் பிரதியில் சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். வட்டமான சீல், தேதி, ஒரு கிறுக்கல். பெரும்பாலோர் இதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நான் நின்றேன்.

"பி.எஸ்.ஆர். நம்பரும் செலான் நம்பரும் வேணும்மா."

"சீல் போட்டாச்சே அய்யா?"

சீல், வங்கி தாளை வாங்கியது என்பதற்குத்தான் சாட்சி. அரசாங்கக் கணக்கில் பணம் ஏறியதற்குச் சாட்சி மூன்று விவரங்கள்: கிளைக்கு உரிய 7 இலக்க பி.எஸ்.ஆர். எண், பணம் செலுத்திய தேதி, 5 இலக்கச் செலான் எண். கணக்குத் தாக்கல் செய்யும்போது படிவம் கேட்பது இந்த மூன்றையும் தொகையையும்தான். சீலைக் கேட்க அதில் இடமே இல்லை. பாஸ்புக்கில் 12,880 கழிந்ததாக வரும் பதிவும் போதாது. பணம் நம் கணக்கை விட்டுப் போனதை அது காட்டும், எந்தப் பான் எண்ணுக்கு, எந்த ஆண்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைக் காட்டாது.

செக் கணக்கில் ஏறி முடிந்த பிறகுதான் செலான் எண் விழும் என்று அதிகாரி விளக்கினார். நியாயம்தான். உட்கார்ந்திருந்தேன். மதியத்துக்கு முன்பே எண் வந்துவிட்டது, ரசீதை அச்செடுத்துக் கொடுத்தார்கள். அங்கேயே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஐந்து விஷயம் பார்த்தேன். பான், பெயர், மதிப்பீட்டு ஆண்டு 2025-26, வகை 300, தொகை. வேறு வங்கி செக் கொடுத்திருந்தால் அன்றே ரசீது வராது. எப்போது வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, சீல் வைத்த பிரதியைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

அந்த இடத்திலேயே ஏன் இவ்வளவு பார்க்க வேண்டும் என்றால், திருத்தத்துக்குக் கால வரம்பு இருக்கிறது. மதிப்பீட்டு ஆண்டைத் தப்பாகப் போட்டுவிட்டால் வருமான வரித் தளத்தில் உள்நுழைந்து நாமே மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பணம் கட்டிய 7 நாளுக்குள். கட்டண வகை தப்பென்றால் 30 நாள். எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு முந்தைய ஆண்டுக்குச் செலான் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அவர் சீலைப் பார்த்தார், தொகையைப் பார்த்தார், ஆண்டைப் பார்க்கவில்லை. மாதங்கள் கழித்து, வரி கட்டவில்லை, வட்டியோடு கட்டு என்று தகவல் வந்தது. பணம் அரசாங்கத்திடம்தான் இருந்தது, வேறு ஆண்டின் தலையில் சும்மா உட்கார்ந்திருந்தது. 7 நாள் எப்போதோ போய்விட்டதால் பீபிகுளம் வருமான வரி அலுவலகத்துக்கு மனு எழுத வேண்டியதாயிற்று. செலான் ரசீது நகல், பாஸ்புக் பக்கத்தின் நகல், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுக்கு மாற்ற வேண்டும் என்ற ஒரு பக்கக் கடிதம். மனுவின் இன்னொரு பிரதியில் தபால் பிரிவு முத்திரை வாங்கச் சொன்னேன். அந்த ரசீதை அவர் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது புண்ணியம். இல்லாவிட்டால் எந்தக் கிளை, எந்தத் தேதி என்று தேடவே நாள் போயிருக்கும். பதற்றத்தில் நோட்டீசுக்கு இன்னொரு தடவை பணம் கட்டிவிடுகிறவர்களும் உண்டு, அதைச் செய்யக் கூடாது.

ரசீது கையில் வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. தங்கை மகன் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். வருமான வரித் தளத்தில் என் பாஸ்வேர்டில் நுழைந்து, "e-Pay Tax" பகுதியில் "Payment History" என்பதைத் திறக்கச் சொன்னேன். கிளையில் கட்டிய என் செலான் அங்கே இருந்தது. அதே எண், அதே தேதி. "அதான் பேங்க்ல குடுத்துட்டாங்களே மாமா, இது எதுக்கு?" என்றான். கிளை சொல்வதும் துறை சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும், அதற்குத்தான். அங்கிருந்து ரசீதை இறக்கி ஒரு பிரதி அச்செடுத்தோம். வருடாந்திரத் தகவல் அறிக்கையில் வரி செலுத்திய பகுதியிலும் அது ஏறுகிறது, ஆனால் கொஞ்ச நாள் தாமதமாக. அதற்கப்புறம்தான் கணக்குத் தாக்கல் செய்தோம். அதில் பி.எஸ்.ஆர். எண்ணின் முதல் இலக்கம் பூஜ்ஜியமாக இருந்தால் அதையும் விடாமல் போட வேண்டும். நாம் கொடுக்கும் செலான் விவரம் துறையிடம் இருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால், கட்டிய பணத்தையே கட்டாததாக எடுத்துக்கொண்டு பாக்கி கேட்டுவிடுவார்கள்.

என் கோப்பில் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை. கையால் போட்ட வரிக் கணக்குத் தாள், சீல் வைத்த செலான், வங்கி ரசீது, தளத்திலிருந்து எடுத்த ரசீது, பாஸ்புக்கில் அந்தப் பதிவு இருக்கும் பக்கத்தின் நகல், தாக்கல் செய்ததற்கான ஒப்புகை. சில மாதம் கழித்துத் துறை அனுப்பும் 143(1) தகவல் வந்ததும் அதுவும் அதே உறைக்குள் போகும். அதில் நாம் சொன்ன கணக்கும் அவர்கள் போட்ட கணக்கும் பக்கம் பக்கமாக இருக்கும். சுய மதிப்பீட்டு வரி என்ற வரிசையில் இரண்டு பக்கமும் 12,880 என்று இருந்தால் விவகாரம் முடிந்தது. மெஷினில் வரும் வழவழப்பான சின்னச் சீட்டு எதுவாக இருந்தாலும் உடனே ஜெராக்ஸ் எடுத்துவிடுவேன், அந்த மை ஒரு கோடைக்குக்கூடத் தாங்காது. எட்டு வருடத்துக்கு உறைகளைக் கழிப்பதில்லை.

இந்த ஆண்டு எனக்குச் செலான் வேலை இல்லை. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை தள்ளுபடியிலேயே வரி பூஜ்ஜியமாகிவிடுகிறது. என் 8,45,000 அதற்குள் அடங்கும். மூத்த குடிமக்களுக்கு வட்டியில் டி.டி.எஸ். பிடிக்கும் வரம்பும் ஒரு வங்கிக்கு ஆண்டுக்கு 1,00,000 ஆகிவிட்டது. ஆனால் முதல் வங்கியில் என் வட்டி அதைத் தாண்டுகிறது, விட்டால் பிடித்துவிடுவார்கள், அப்புறம் திரும்ப வாங்க அலைய வேண்டும். அதனால் 2025 ஏப்ரலிலேயே அங்கே, வரி பிடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் 15எச் படிவத்தைக் கொடுத்துவிட்டேன். ஊரில் நிலம் விற்ற நண்பருக்கு மட்டும் இந்தத் தள்ளுபடி நீண்ட கால நில லாபத்துக்குப் பொருந்தாது. அவர் அடுத்த வாரம் செக் புத்தகத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பான் கார்டையும் போனையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.